இரண்டு சுவர்கள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் டி செல்கள் மூளைக்குள் நுழையும் பாதை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்றாலே, 'நோய் எதிர்ப்பு செல்கள் ரத்த-மூளைத் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நரம்பு உறையைத் தின்கின்றன' என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இதில் 'உடைத்துக்கொண்டு' என்ற சொல்தான் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. டி செல்கள் என்ற அந்த நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பாலானவை எதையும் உடைப்பதில்லை. ஆரோக்கியமான உடலிலும் பயன்படுகிற ஒரு வழியில், படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் உரிய மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு அவை கடக்கின்றன. இது புரிந்தால்தான் ஒரே ஒரு படியை அடைக்கும் மருந்து புதிய தாக்குதல்களில் பெரும்பகுதியை ஏன் நிறுத்துகிறது, அதே மருந்து உயிருக்கு ஆபத்தான ஒரு தொற்றுக்கு ஏன் இடம் கொடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் விளங்கும்.

நரம்பியல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் வகையான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 28 வயதுப் பெண். வலது கண்ணை அசைத்தால் வலி. இரண்டு மூன்று நாளில் அந்தக் கண்ணின் நடுப்பார்வை மங்குகிறது. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது. பார்வை 6/60க்கு இறங்குகிறது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஏனென்றால் வீக்கம் கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பில் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் வலது பார்வை நரம்பு, ரத்தத்தில் ஏற்றிய கடோலினியம் மருந்தை உறிஞ்சி வெள்ளையாகத் தெரிகிறது. கூடவே மூளையின் உள்ளறைகளை ஒட்டி நான்கு முட்டை வடிவ லீஷன்கள், அதாவது சேதமடைந்த திட்டுகள். அவற்றால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. கட்டம்போட்ட திரையைப் பார்க்கவைத்து மூளையின் மின்னலையைப் பதிவுசெய்யும் சோதனையில், இடது கண்ணின் சைகை 102 மில்லிவிநாடியில் வந்துசேர்கிறது. வலது கண்ணின் சைகைக்கு 135 மில்லிவிநாடி ஆகிறது. சில வாரங்களில் பார்வை 6/6க்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த 135 அநேகமாகக் குறையாமலே நிற்கும்.

பார்வை திரும்பிய பிறகும் சைகை ஏன் தாமதமாக வருகிறது? விடை நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையில் இருக்கிறது.

மயலினை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறைக்கு ஒப்பிடுவார்கள். பாதி சரி. கம்பியின் உறை மின்சாரம் கசியாமல் காக்கும், அவ்வளவே. மயலின் சைகையின் வேகத்தையே மாற்றிவிடுகிறது. உறை ஒரேயடியாக ஓடாமல் துண்டு துண்டாக இருக்கிறது. நீளமான துண்டு ஒரு மில்லிமீட்டர்வரை போகும். துண்டுகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளிக்கு ரான்வியர் கணு என்று பெயர். சோடியம் வாயில்கள் அங்கேதான் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன. சைகை கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. உறையுள்ள தடித்த நரம்பிழையில் அது நொடிக்கு 100 மீட்டர்வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் இந்த உறையைச் சுற்றுபவை ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்கள். ஒரே செல் கைகளை நீட்டிப் பல இழைகளில் நாற்பது துண்டுகள்வரை சுற்றித்தரும். ஆகவே ஒரு செல் அழிந்தால் பல இழைகள் ஒன்றாக உறையிழக்கும். கை கால்களுக்குப் போகும் வெளி நரம்புகளுக்கு உறை தருபவை ஷ்வான் என்ற வேறு வகைச் செல்கள், எம்.எஸ். அவற்றைத் தொடுவதில்லை. பார்வை நரம்பு அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம், அது கண்ணுக்குப் போகும் வெளி நரம்பு போலத் தோன்றினாலும் அமைப்பில் மூளையின் நீட்சியாக இருப்பதுதான்.

உறை உரிந்ததும் சைகை அடுத்த கணுவை எட்டாமல் வழியிலேயே அணைந்துபோகிறது. அந்தப் பெண்ணின் பார்வை 6/60க்கு இறங்கியது இதனால்தான். வீக்கம் வடிந்த பிறகு, உறையிழந்த பகுதி முழுக்கச் சோடியம் வாயில்கள் பரவுகின்றன. சைகை தாவமுடியாவிட்டாலும் ஊர்ந்தாவது போய்ச் சேர்கிறது. சில இடங்களில் உறை மீண்டும் வளரும், ஆனால் பழையதைவிட மெலிதாக. இப்படிச் சைகை வந்துசேர்ந்துவிடுவதால் பார்வை திரும்புகிறது. வருவதற்கு நேரம் பிடிப்பதால் 135 மில்லிவிநாடி மாறுவதில்லை. இந்த இழைகள் விளிம்பில் நின்று வேலைசெய்பவை. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொண்டு சைகை நின்றுவிடலாம். மே மாத வெயிலில் நடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சுடுநீரில் குளித்தாலோ பழைய கண் மறுபடி மங்கும், உடல் குளிர்ந்ததும் தெளியும். 1890இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் பதிவுசெய்தது இதைத்தான். இது புதிய தாக்குதல் கிடையாது, இதற்கு ஸ்டீராய்டு போடவேண்டியதில்லை. புதிய தாக்குதல் என்றால் காய்ச்சல் இல்லாதபோது குறைந்தது 24 மணி நேரம் நீடிக்கவேண்டும்.

இனி அந்த வீக்கம் உருவான வழிக்கு வருவோம்.

மயலினின் துண்டுகளை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் நோயில்லாதவர்களின் ரத்தத்திலும் இருக்கின்றன. தூண்டப்படாதவரை அவற்றால் தீங்கில்லை. உடலின் வேறோரிடத்தில், பெரும்பாலும் நிணநீர் முடிச்சில், ஏதோ ஒன்று அவற்றை எழுப்பவேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' பற்றிக் கிடைத்திருக்கும் வலுவான தடயம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரின் பதிவுகளையும் சேமித்துவைத்த ரத்த மாதிரிகளையும் ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவின்படி, இந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் ஆபத்து சுமார் 32 மடங்கு கூடுகிறது. வைரஸின் ஒரு புரதமும் மூளையிலுள்ள கிளையல்கேம் என்ற புரதமும் ஓரிடத்தில் ஒத்திருப்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. ஆனால் உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த வைரஸ் தொற்றியிருக்கிறது. நோய் வருவது மிகச் சிலருக்கே. வைரஸ் தேவை, அது மட்டும் போதாது.

எழுப்பப்பட்ட டி செல் தன் மேற்பரப்பில் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற பிடிப்பு மூலக்கூறை ஏராளமாக வெளிக்காட்டும். இனி வரும் கதையில் பாதி இந்த மூலக்கூறினுடையது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. மற்ற உறுப்புகளில் இருப்பதுபோல நடுவில் இடைவெளி கிடையாது. தடுப்பின் முதல் சுவர் இது. இதைத் தாண்டினால் மூளைத் திசு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வரும் இடம் ஒரு குறுகலான சந்து. அதற்கு அப்பால் அஸ்ட்ரோசைட் என்ற மூளையின் துணைச் செல்கள் தம் பாதங்களை நெருக்கமாக வைத்து, கீழே ஒரு சவ்வையும் விரித்துக் கட்டிய இரண்டாவது சுவர் இருக்கிறது. தந்துகிகளில் இரண்டு சுவர்களும் ஒட்டியிருக்கும். தந்துகியைத் தாண்டி ரத்தம் திரும்பும் நுண்சிரைகளில்தான் அவை விலகி, நடுவே சந்து உண்டாகிறது. எம்.எஸ். லீஷன்களில் பெரும்பாலானவற்றின் நடுவிலும் ஒரு சிறு சிரை ஓடுவதற்கும், உள்ளறைகளைச் சுற்றியுள்ள லீஷன்கள் சிரைகளின் திசையிலேயே விரல்போல நீண்டிருப்பதற்கும் காரணம் இதுதான். திறன்மிக்க எம்ஆர்ஐயில் அந்த நடுச்சிரையைக் கண்ணால் பார்க்கலாம். ரத்தழுத்தத்தாலோ ஒற்றைத் தலைவலியாலோ வரும் வெள்ளைப் புள்ளிகளிலிருந்து எம்.எஸ். லீஷனைப் பிரித்தறிய மருத்துவர்கள் அதைத் தேடுகிறார்கள்.

நுண்சிரையில் ரத்தம் வேகம் குறைந்து ஓடுகிறது. ஆனாலும் மிதந்துபோகும் செல் தானாக நின்றுவிடாது, யாராவது பிடிக்கவேண்டும். அமைதியான மூளையில் குழாய்ச் சுவர் கைகொடுப்பதில்லை. அருகில் சிறிது அழற்சி இருந்தால் சுவர் செல்கள் விகேம்-1 என்ற மூலக்கூறை வெளியே நீட்டுகின்றன. டி செல்லின் ஆல்ஃபா-4 அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்தில் போன செல் நிற்கிறது. அடுத்ததாக ஐகேம்-1 என்ற இன்னொரு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு சுவரோடு ஊரத் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஃப்ளூகல், வேக்கர்லே குழுவினர் உயிருள்ள எலியின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் படம்பிடித்து 2009இல் வெளியிட்டார்கள். டி செல்கள் பல நிமிடங்கள் ஊர்ந்து திரிவதையும், பெரும்பாலும் ரத்த ஓட்டத்துக்கு எதிராகவே ஊர்வதையும் அதில் பார்க்கலாம். கடக்கத் தோதான இடத்தை அவை தேடுகின்றன.

இடம் கிடைத்ததும் கடப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரு செல்களின் தையலுக்கு நடுவே நுழையலாம். அல்லது ஒரு சுவர் செல்லின் உடலுக்குள்ளேயே துளைபோல ஒரு வழி உண்டாகி, அதன் ஊடாகப் போகலாம். சுவரில் ஐகேம்-1 மிகுதியாக இருக்கும்போது இரண்டாவது வழிக்கு வாய்ப்பு கூடுகிறது. செல் போன பிறகு துளை மூடிக்கொள்ளும், தையல் பிரிவதில்லை. எனவே 'தடுப்பில் கசிவு' ஒன்று, 'செல் கடப்பது' வேறொன்று. கடோலினியம் காட்டித்தருவது கசிவை மட்டுமே. அழற்சி முற்றித் தையல்கள் தளரும்போது லீஷன் சில வாரங்கள் வெள்ளையாக ஒளிர்ந்து, பிறகு அணையும். செல்கள் ஓசையில்லாமல் கடப்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

சந்துக்குள் வந்த டி செல் இன்னும் யாருக்கும் கெடுதல் செய்துவிடவில்லை. ஆரோக்கியமானவர்களின் மூளைத்தண்டுவட நீரிலும் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்குக் குறைவாக வெள்ளணுக்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வைரஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று சுற்றிப்பார்க்கும் டி செல்கள். சந்தில் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. தாம் பொறுக்கிய புரதத் துண்டுகளை எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் வைத்துக் காட்டுகின்றன. டி செல் தேடிவந்த துண்டு அங்கே இல்லையென்றால் கதை அங்கேயே முடிகிறது. மயலின் துண்டு காட்டப்பட்டால் டி செல் இரண்டாவது முறையாக எழுப்பப்படுகிறது. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1*15:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து சுமார் மூன்று மடங்காக இருப்பது இந்த 'காட்டும்' வேலையோடு நேரடியாகச் சேர்ந்த விஷயம்.

எழுப்பப்பட்ட செல் சுரக்கும் சைகைப் புரதங்களால் மேக்ரோபேஜ்கள் திரள்கின்றன. அவை வெளிவிடும் எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 என்ற நொதிகள், அஸ்ட்ரோசைட்டின் பாதத்தைச் சவ்வோடு பிணைத்திருக்கும் புரதத்தை வெட்டுகின்றன. உடைப்பு என்று உண்மையிலேயே சொல்லக்கூடிய படி இது ஒன்றுதான். இந்த இரண்டு நொதிகளும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில், செல்கள் முதல் சுவரைத் தாண்டிச் சந்தில் குவிந்து நிற்கின்றன. இரண்டாவது சுவரைத் தாண்டமுடியாததால் எலிக்கு நோய் வருவதில்லை. நோயின் தொடக்கப்புள்ளி இரண்டாவது சுவரில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதற்குப் பிறகு நடப்பது வேகமானது. மேக்ரோபேஜ்களும் மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோகிளியாவும் மயலினை உரித்து விழுங்குகின்றன. உறை மட்டும் போவதில்லை, இழைகளும் அறுபடுகின்றன. 1998இல் டிராப் குழுவினர் தீவிரமான லீஷன்களில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000க்கும் அதிகமான அறுபட்ட இழைகளை எண்ணினார்கள். அறுந்த இழை மீண்டும் வளராது. நம் நோயாளியின் பார்வை 6/6க்குத் திரும்பினாலும் நிறங்கள் ஒரு மாற்றுக் குறைவாகவே தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நேரத்தில் கொடுக்கப்படும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் சிரையில் ஏற்றப்படுகிறது. அது தையல்களை இறுக்கி வீக்கத்தைக் குறைத்துப் பார்வை திரும்பும் நாளை முன்னுக்குக் கொண்டுவருகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு போட்டவருக்கும் போடாதவருக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அடுத்த தாக்குதலை அது தடுப்பதுமில்லை. அதற்கு நுழைவழியில் கைவைக்கவேண்டும்.

1992இல் யெட்நாக், ஸ்டைன்மன் முதலியோர், ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மூடும் எதிர்ப்புப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தி, எம்.எஸ். போன்ற நோய் வராமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள். அந்தப் புரதத்தை மனிதருக்கு ஏற்றபடி மாற்றியதுதான் நட்டாலிசுமாப். அளவு 300 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்றவேண்டும். டி செல்லை இந்த மருந்து கொல்வதில்லை. விகேம்-1ஐப் பிடிக்கவேண்டிய கையை மூடிவிடுகிறது, செல் நிற்கமுடியாமல் ரத்தத்தோடு போய்விடுகிறது. இரண்டாண்டுப் பரிசோதனையில் தாக்குதல்களின் எண்ணிக்கை 68 சதவீதம் குறைந்தது. கடோலினியத்தில் ஒளிரும் லீஷன்கள் 92 சதவீதம் குறைந்தன. எம்.எஸ்.ஸில் வந்துபோகும் தாக்குதல்களில் எவ்வளவு பங்கு வெளியிலிருந்து வரும் செல்களுடையது என்பதை இந்த எண்கள் நேரடியாகச் சொல்கின்றன.

2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் மருந்து சந்தையிலிருந்து திரும்பப்பெறப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் சிலருக்குப் பி.எம்.எல். என்ற மூளைத்தொற்று வந்திருந்தது. அதற்குக் காரணமான ஜே.சி. வைரஸ் நம்மில் பலரின் உடலில் சத்தமில்லாமல் வாழ்கிறது. சுற்றிப்பார்க்கும் டி செல்கள் மூளைக்குப் போய்வருவதால் அங்கே அது தலைதூக்குவதில்லை. நட்டாலிசுமாப் தாக்கும் செல்லோடு காவல் செல்லையும் சேர்த்தே தடுக்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் பிடி ஒன்றே. காவலில்லாத மூளையில் வைரஸ் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளையே தாக்குகிறது. நோய் வேறு, அழிவது அதே மயலின். மருந்தின் நற்பயனும் இந்த ஆபத்தும் ஒரே செயலின் இரு விளைவுகள், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெறமுடியாது.

கடுமையான கண்காணிப்போடு 2006இல் மருந்து திரும்பிவந்தது. ஆபத்தை இன்று மூன்று கேள்விகளால் கணிக்கிறார்கள்: ரத்தத்தில் ஜே.சி. வைரஸுக்கு எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா, மருந்து தொடங்கி இரண்டாண்டு தாண்டிவிட்டதா, முன்பு நோய் எதிர்ப்பை அடக்கும் வேறு மருந்து எடுத்ததுண்டா. எதிர்ப்புப் புரதம் இல்லாதவருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழோ இருக்கிறது. மூன்றும் சேர்ந்தவருக்கு ஆயிரத்தில் பத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். இன்று இல்லாதவருக்கு நாளை தொற்றலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். எம்.எஸ். தாக்குதல் நாட்கணக்கில் உச்சத்தை எட்டி அப்படியே நிற்கும், பி.எம்.எல். வாரக்கணக்கில் நிற்காமல் வளரும். பேச்சுக் குழறல், குணமாற்றம், ஒரு பக்கப் பலவீனம், பார்வையின் ஒரு பாதி மறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் அது பொதுவாகத் தொடுவதில்லை. எனவே கண்வலியோடு மங்கல் என்றால் எம்.எஸ். பக்கம் சாய்வார்கள், வீட்டார் 'ஆளே மாறிவிட்டார்' என்று சொன்னால் உடனே எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பூட்டு அவிழ்ந்ததும் ரத்தத்தில் தேங்கிய செல்கள் மொத்தமாகத் திரும்புகின்றன. மூன்று நான்கு மாதங்களில் தாக்குதல்கள் தொடங்கி, சிலருக்கு முன்பைவிட மோசமாக வரும். அதனால்தான் கடைசி ஊசிக்குப் பிறகு சில வாரங்களுக்குள்ளேயே மாற்று மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். கர்ப்பத்துக்காகவோ செலவு கட்டுப்படியாகாமலோ நிறுத்த நினைப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். மேலைநாட்டு வெள்ளையரிடம் எம்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் அது மிக அரிது. இந்தியா உட்பட ஆசியாவில் அதன் பங்கு கூடுதல். அங்கே தாக்கப்படுவது அஸ்ட்ரோசைட்டின் பாதங்களிலுள்ள அக்வாபோரின்-4 என்ற நீர்வாயில், அதாவது இரண்டாவது சுவரே. நட்டாலிசுமாப் அந்த நோயாளிகளுக்கு உதவாததோடு நிலையை மோசமாக்கியும் இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒன்றாகப் போனால், தண்டுவட வீக்கம் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்தைத் தாண்டினால், நிற்காத விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் இருந்தால், மருந்தைத் தேர்வதற்கு முன் அக்வாபோரின்-4 எதிர்ப்புப் புரதச் சோதனை செய்தாக வேண்டும்.

நுழைவழியை அடைப்பதால் தீராத பகுதியும் இருக்கிறது. தாக்குதலே இல்லாமல் நடை மெல்ல மெல்லக் குன்றும் பிற்கட்டத்தில் நட்டாலிசுமாபைப் பெரிய அளவில் சோதித்தபோது, உடற்குறை வளர்வதை அது நிறுத்தவில்லை. அந்தக் கட்டத்தில் அழற்சி தடுப்புக்கு உள்ளேயே குடியேறிவிடுகிறது. மூளையுறைகளில் பி செல்கள் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாகத் தங்குகின்றன. பழைய லீஷன்களின் விளிம்பில் மைக்ரோகிளியா அணையாமல் எரிந்து, லீஷன் ஆண்டுக்குக் கொஞ்சமாக அகல்கிறது. தையல்கள் பெரும்பாலும் மூடியே இருப்பதால் கடோலினியம் உள்ளே போவதில்லை. பெரிய எதிர்ப்புப் புரத மருந்துகளும் ரத்தத்தில் உள்ள அளவில் மிகச் சிறு பங்கே உள்ளே போகின்றன. அந்த எரியும் விளிம்பில் இரும்பு சேர்வதால், அதற்கென அமைக்கப்பட்ட எம்ஆர்ஐ படத்தில் லீஷனைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். வழக்கமான ரிப்போர்ட்டில் 'ஒளிரும் லீஷன் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தால், புதிய செல்கள் திரளாக உள்ளே வரவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். அந்த வரியை வைத்து நோய் அடங்கிவிட்டது என்று சொல்லமுடியாது. நடக்கும் வேகத்தையும் கைவிரல்களின் திறனையும் ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட்ட பிறகே சொல்லமுடியும்.